ஓய்வு வாரத்தை முதலில் குறியுங்கள்: மட்டக்களப்பிலிருந்து மூன்று மாத நிதானப் பயணம்

ஓய்வூதியம் பெறத் தொடங்கிய பிறகு நீண்ட பயணம் போக நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் திட்டமிடுகிறார்கள். பார்க்க வேண்டிய ஊர்களை எழுதி, அவற்றை வரிசையாக நாட்காட்டியில் நிரப்பி, எங்காவது இடம் மிஞ்சினால் அதற்கு ‘ஓய்வு’ என்று பெயர் வைக்கிறார்கள். ஒரு வாரச் சுற்றுலாவுக்கு இது போதும். மூன்று மாதப் பயணம் இப்படித் திட்டமிட்டால் மூன்றாவது வாரத்திலேயே தளர்ந்துவிடும். முதல் இரண்டு வாரமும் உற்சாகம் உடம்பைத் தூக்கிக்கொண்டு போகிறது; அதன் பிறகு உடம்பு தன் கணக்கைக் கேட்கிறது.

அறுபதைத் தாண்டியவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். முதலில் ஓய்வு வாரங்களையும் அவற்றைக் கழிக்கும் ஊர்களையும் முடிவு செய்யுங்கள். அவற்றுக்கு இடைப்பட்ட வாரங்களில்தான் ஊர் பார்ப்பது. எங்கள் பக்கத்துக் கதிர்காமப் பாதயாத்திரைக்காரர்களுக்கு இது புதிதல்ல. அவர்களிடம் கேட்டால் எந்தக் கோயிலில் தங்குவது, எங்கே சமைப்பது, உகந்தையில் எத்தனை நாள் இருந்து காட்டுக்குள் இறங்குவது என்றுதான் முதலில் சொல்வார்கள். நடக்கும் தூரம் அதற்குப் பிறகுதான் வரும்.

கீழே உள்ள திட்டம் மட்டக்களப்பிலிருந்து புறப்பட்டு இலங்கையைச் சுற்றி வரும் ஒரு தம்பதிக்கானது. இருவரும் அறுபதுகளின் நடுவில் இருப்பவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவருக்கு நீரிழிவு, மனைவிக்கு உயர் இரத்த அழுத்தம். இருவருக்கும் அரசாங்க வைத்தியசாலையில் மாதாந்தக் கிளினிக் இருக்கிறது. நம் ஊரில் இப்படி இல்லாத வீடுகள் குறைவு.

எப்போது புறப்படுவது

தைப்பொங்கல் முடிந்து புறப்பட்டு, சித்திரை வருடப்பிறப்புக்கு முன் வீடு திரும்புவதுதான் கிழக்கு மாகாணத்தவருக்குப் பொருந்தும் காலம். இடையில் சுமார் 13 வாரங்கள் கிடைக்கின்றன. வடகீழ்ப் பருவமழை நம் கரையை நனைக்கும் அந்த மாதங்களில் தெற்கிலும் மேற்கிலும் வானம் தெளிந்து கடலும் அமைதியாக இருக்கும். ஜனவரி பிற்பகுதியில் தெற்குக் கரை, பெப்ரவரியில் மலைநாடு, மார்ச்சில் வடக்கு, கடைசியாகத் திருகோணமலை என்று போனால் மழை உங்களுக்கு முன்னே ஓடிக்கொண்டிருக்கும். வைகாசிக்குப் பிறகு இதே சுற்றைத் தொடங்கினால் தென்மேற்குப் பருவமழையில் மாட்டிக்கொள்வீர்கள். ஏப்ரல் விடுமுறையில் நுவரெலியாவில் அறை தேடுவதும் வேண்டாத வேலை.

13 வாரத்தையும் நிரப்பிவிடாதீர்கள். 11 வாரத்துக்குத் திட்டம் போட்டு, இரண்டு வாரத்தை வெறுமையாக விட்டுவைக்க வேண்டும். காய்ச்சல், பாதையில் மண்சரிவு, பிடித்துப்போன ஓர் ஊர் என எது வந்தாலும் அந்த இரண்டு வாரம் ஏந்திக்கொள்ளும்.

மருந்துக் கணக்கிலிருந்து தொடங்குங்கள்

ஓய்வு வாரம் எங்கே விழ வேண்டும் என்பதை முதலில் சொல்வது கிளினிக் கொப்பிதான். வழக்கமாக ஒரு மாதத்துக்கே மருந்து தருகிறார்கள். அதனால் நான்கு வாரத்துக்கு ஒருமுறை பெரிய வைத்தியசாலை உள்ள நகரில், அவசரமில்லாமல் வரிசையில் நிற்கக்கூடிய ஒரு வாரம் உங்களுக்கு வேண்டும். ஊர் பார்க்கும் வாரத்தில் அந்த வரிசை வந்தால் ஒன்று மருந்து தவறும், அல்லது பயணம் தவறும்.

புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே கிளினிக் வைத்தியரிடம் பயணத்தைச் சொல்லுங்கள். நோயின் பெயர், மருந்துகளின் பொதுப்பெயர், அளவு, கடைசிப் பரிசோதனை முடிவுகள் எல்லாம் உள்ள கடிதம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். வேறு ஊர் வைத்தியசாலையில் உங்கள் கொப்பியை முதல் தடவை பார்க்கும் வைத்தியருக்கு அந்த ஒரு பக்கம் பெரிய உதவி. கொப்பியின் பக்கங்களையும் கடிதத்தையும் தொலைபேசியில் படமெடுத்து, பிள்ளைகளில் ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள். அதோடு ஒசுசலவிலோ உங்கள் வழக்கமான மருந்தகத்திலோ பத்து நாளுக்கு மேலதிக மாத்திரை வாங்கித் தனிப் பையில் வையுங்கள். அது அன்றாடப் பாவனைக்கு அல்ல.

நம் தம்பதிக்கு இந்தக் கணக்கு எப்படி விழுகிறது என்று பார்ப்போம். புறப்படும்போது 28 நாள் மருந்து கையில் இருக்கிறது. நான்காவது வாரம் கொழும்பில் ஓய்வு. அது 22ஆம் நாள் தொடங்கி 28ஆம் நாள் முடியும். அந்த வாரத்துக்குள் அடுத்த மாத மருந்தை எடுத்துவிட்டால் அது 56ஆம் நாள் வரை போகும். அடுத்த பெரிய ஓய்வு யாழ்ப்பாணத்தில், 57ஆம் நாள் தொடங்குகிறது. போய் இறங்கிய மறுநாளே வைத்தியசாலைக்கு ஓட முடியாது. போயா விடுமுறையும் குறுக்கே வரலாம். அந்த இரண்டு மூன்று நாளுக்குத்தான் மேலதிகப் பை. யாழ்ப்பாணத்தில் எடுப்பது வீடு வந்து சேர்ந்த பிறகும் ஒரு வாரத்துக்கு மேல் கையில் இருக்கும்.

இன்சுலின் போடுபவர்கள் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். திறக்காத குப்பிகள் குளிர்சாதனப் பெட்டியில் இருக்க வேண்டியவை. பாவனையில் உள்ளதை வெயில் படாத இடத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் வெளியே வைத்திருக்கலாம். அதனால் ஓய்வு வாரத்துக்கு எடுக்கும் அறையில் குளிர்சாதனப் பெட்டி கட்டாயம். பஸ் பயணத்தில் அதைக் கைப்பைக்குள் ஈரத்துணி சுற்றிய சிறு பாத்திரத்தில் கொண்டுபோகலாம். ஐஸ் கட்டி நேரே படவே கூடாது. உறைந்த இன்சுலின் பிறகு உதவாது.

வாரங்கள் எப்படி அடுக்கப்படுகின்றன

தொடக்கத்தில் ஊர் பார்க்கும் ஓர் ஓட்ட வாரத்துக்கு ஓர் ஓய்வு வாரம். ஆறாவது வாரத்துக்குப் பிறகு, உடம்பு ஒத்துழைத்தால் மட்டும், இரண்டு ஓட்ட வாரத்துக்கு ஓர் ஓய்வு. எடுத்த எடுப்பில் இரண்டுக்கு ஒன்று என்று தொடங்குவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். புதிய படுக்கை, புதிய தண்ணீர், புதிய சாப்பாட்டு நேரம் மூன்றுக்கும் உடம்பு பழக முதல் மாதம் முழுவதும் வேண்டும்.

முதல் வாரம் கதிர்காமம். ஒரே மூச்சில் போகாமல், கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் வழியாகப் பொத்துவில் வரை சுமார் 110 கிலோமீற்றர் போய் அங்கே இரண்டு இரவு தங்குங்கள். அறுகம்பையில் ஜனவரி கூட்டமில்லாத காலம், அறை எளிதில் கிடைக்கும். பிறகு சியம்பலாண்டுவ, மொனராகலை, புத்தள வழியாகக் கதிர்காமம். லாகுகலையிலும் புத்தள-கதிர்காமம் பாதையிலும் யானை நடமாட்டம் உண்டு என்பதால் காலையில் புறப்பட்டு வெளிச்சத்திலேயே போய்ச் சேருங்கள். ஆடித் திருவிழாக் கூட்டம் இல்லாத நாட்களில் கதிர்காமத்தில் நின்று நிதானமாகக் கும்பிடலாம். செல்லக்கதிர்காமத்துக்கு ஒரு காலைப்பொழுது போதும்.

இரண்டாவது வாரம் மாத்தறையில் ஓய்வு. நடக்கத் தட்டையான கடற்கரை உண்டு, பெரிய வைத்தியசாலை உண்டு, தொண்டீஸ்வரம் இருந்த தேவேந்திரமுனையும் பக்கத்தில்தான். மூன்றாவது வாரம் காலி, பிறகு கரையோரப் புகையிரதத்தில் கொழும்பு நோக்கி. நான்காவது வாரம் வெள்ளவத்தையில் ஓய்வும் மருந்தும்.

ஐந்தாவது வாரம் கண்டிக்குப் போய், ஆறாவது வார ஓய்வுக்கு எடுக்கப்போகும் அறையில் இரண்டு இரவு தங்குங்கள். பெரிய பைகளை அங்கேயே விட்டுவிட்டுச் சிறு பையோடு நுவரெலியாவுக்குப் போய் மூன்று இரவு இருந்து, சீத்தா எலிய அம்மனைத் தரிசித்துத் திரும்புங்கள். ஓய்வு வாரத்தை நுவரெலியாவிலேயே வைக்கலாமே என்று பலருக்கும் ஆசை வரும். நான் வேண்டாம் என்பேன். அந்த ஊர் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பெப்ரவரி இரவுகளில் சில வேளை உறைபனி கூடப் படியும். குளிரில் இரத்த அழுத்தம் கூடும், மூட்டு இறுகும், இழுப்பு உள்ளவர்களுக்கு அது தலைகாட்டும். வாவிக்கரை வெக்கையில் வளர்ந்த உடம்புக்கு அது பார்க்கும் ஊர். இளைப்பாறும் ஊர் அல்ல. 2025 நவம்பரில் டித்வா சூறாவளி மலைநாட்டுப் பாதைகளையும் புகையிரதப் பாதையையும் கடுமையாகச் சேதப்படுத்தியது. ஆகவே எந்தப் பகுதி இயங்குகிறது என்று நிலையத்தில் கேட்டு, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் பார்த்த பிறகே மலையேறுங்கள்.

ஏழாவது வாரம் மாத்தளை முத்துமாரியம்மன், தம்புள்ளை, அனுராதபுரம். எட்டாவது வாரம் மன்னாரும் திருக்கேதீஸ்வரமும். மகா சிவராத்திரி எந்த நாளில் வருகிறது என்று பஞ்சாங்கத்தில் முதலே பாருங்கள். அன்று திருக்கேதீஸ்வரத்தில் இருப்பதே உங்கள் நோக்கமானால் தங்குமிடத்தை மிக முன்னதாகப் பேசி வையுங்கள். இல்லையென்றால் ஒரு வாரம் தள்ளிப் போங்கள். மன்னாரிலிருந்து பூநகரி, சங்குப்பிட்டிப் பாலம் வழியாக யாழ்ப்பாணம் குறுகிய பாதை. ஒன்பதும் பத்தும் யாழ்ப்பாணத்தில். முதல் வாரம் முழு ஓய்வு. இரண்டாவது வாரம் அதே வீட்டிலிருந்தபடி நயினாதீவு, கீரிமலை என்று ஒருநாள் விட்டு ஒருநாள் வெளியே. பதினோராவது வாரம் திருகோணமலை. கோணேஸ்வரமும் கன்னியா வெந்நீரூற்றும் பார்த்து, வாகரைப் பாதையால் வீடு.

ஓட்ட வாரத்துக்குள்ளும் அளவு வேண்டும்

ஒரு வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் புதிய அறைக்கு மாறாதீர்கள். பயணம் செய்யும் நாளில் வேறெதையும் பார்க்கத் திட்டமிட வேண்டாம். அன்று போய் இறங்கி, குளித்து, சாப்பிட்டு, தங்குமிடத்தைச் சுற்றிக் கொஞ்சம் நடந்தால் போதும். பஸ்ஸில் நான்கு மணித்தியாலத்துக்கு மேல் போகும் தூரத்தை இரண்டாக உடையுங்கள். மற்ற நாட்களில் காலையில் ஓர் இடம், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றுமில்லை. மாலையில் மனம் வந்தால் இன்னொரு சிறு நடை.

பயண நாளில் நம்மவர்கள் வழக்கமாகச் செய்யும் ஒன்று இருக்கிறது. வழியில் கழிப்பறை கிடைக்காதே என்று பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைப்பார்கள். ‘நீர் மாத்திரை’யையும் விட்டுவிடுவார்கள். ஒரு நாள் விட்டது இரண்டாம் நாளும் விடுபட்டால் சிலருக்குக் கால் வீங்கலாம், படுத்தால் மூச்சு முட்டலாம். அந்த மாத்திரையைப் பயண நாளில் காலைக்குப் பதில் போய்ச் சேர்ந்த பின் எடுக்கலாமா என்று புறப்படும் முன்பே வைத்தியரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு ஒன்றரை மணித்தியாலத்துக்கும் ஒருமுறையாவது எழுந்து நிற்க முடிகிற பயணமாகத் தேர்ந்தெடுங்கள். புகையிரதம் கிடைக்கும் இடத்தில் அதையே எடுங்கள்; எழுந்து நடக்கலாம், கழிப்பறையும் உண்டு. அரசாங்க ஓய்வூதியர்கள் தங்களுக்குரிய புகையிரத ஆணைச்சீட்டைப் பற்றிப் பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவில் கேளுங்கள். வருடாந்த உயிர்வாழ் சான்றிதழையும் அந்தப் போக்கிலேயே முடித்துவிட்டுப் புறப்படலாம்.

ஓய்வு வாரம் எப்படி இருக்கும்

ஓய்வு வாரம் என்றால் கட்டிலில் கிடப்பது அல்ல. அது ஒரு சிறு குடித்தனம். அதற்கான அறையை ஓட்ட வாரத்து அறையைத் தேடுவதுபோலத் தேட முடியாது. மடமும் யாத்திரிகர் விடுதியும் மூன்று இரவுக்குச் சரி. ஏழு இரவுக்குத் தரைத்தளத்தில், சொந்தமாகச் சமைக்கும் வசதியோடு, காற்று வர உட்கார ஒரு விறாந்தையோடு இடம் வேண்டும். தொலைபேசியில் பேசும்போதே கேளுங்கள்: எத்தனை படி ஏற வேண்டும்? கொமட் இருக்கிறதா? குளியலறைத் தரை வழுக்குமா? சந்தைக்கும் வைத்தியசாலைக்கும் நடந்து போகலாமா, ஓட்டோ வேண்டுமா? நாள் வாடகையை ஏழால் பெருக்கிக் கொடுக்காமல் வார வாடகை பேசுங்கள். நீண்ட தங்கலுக்கு வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் இறங்கி வருவார்கள். சொந்தச் சமையலும் சேரும்போது ஓய்வு வாரம் ஓட்ட வாரத்தைவிடக் கணிசமாக மலிவாக விழும். அந்த மிச்சம்தான் அடுத்த ஓட்ட வாரத்தின் வாகனக் கூலி.

முதல் நாள் துணி துவைக்கும் நாள். ஓட்ட வாரத்தில் சேர்ந்த எல்லாவற்றையும் துவைத்துக் காயப்போட்டுவிட்டு, அரிசி, பருப்பு, மரக்கறி, மீன் வாங்கி வந்து நம் கைப்பக்குவத்தில் ஒரு சோறும் கறியும் சமையுங்கள். இரண்டாம் நாள் காரணமில்லாமல் சோம்பலாக இருக்கும். பகலிலும் தூக்கம் வரும். பயப்படாதீர்கள், தூங்குங்கள். மூன்றாம் நாளிலிருந்து காலையில் அரை மணித்தியாலம் நடக்கலாம். கிளினிக் வேலையையும் அன்றோ மறுநாளோ வையுங்கள். ஐந்தாம் ஆறாம் நாளில் அடுத்த வாரத்துக்கான இருக்கைகளையும் அறைகளையும் பேசி முடியுங்கள். அதற்கு முன் அந்த வேலையைத் தொடாதீர்கள். களைத்த தலையோடு போட்ட திட்டம் களைப்பாகவே இருக்கும்.

ஓய்வு நிறைந்துவிட்டதை அறிவது எளிது. மூன்றாம் நாளில் பசி திரும்பும். நான்காம் ஐந்தாம் நாளில் ‘இன்று எங்கேயாவது போய்வருவோமா’ என்று இருவரில் ஒருவர் தாமாகவே கேட்பார். ஆறாம் நாளிலும் யாரும் கேட்கவில்லை என்றால் வாரத்தை நீட்டுங்கள். வெறுமையாக விட்ட இரண்டு வாரம் அதற்காகத்தான்.

ஓய்வு வாரத்தைத் தின்றுவிடும் ஒன்று உண்டென்றால் அது உறவுகளின் அன்பு. வெள்ளவத்தையில் இறங்கினால் மச்சான் வீட்டில் மதியம், பெறாமகள் வீட்டில் இரவு, மறுநாள் ஒரு பூப்புனித நீராட்டு விழா என்று ஏழு நாளும் ஓடிவிடும். யாரையும் நோகடிக்க வேண்டியதில்லை. “ஐந்தாம் நாள் வருகிறோம், அதுவரை வைத்தியர் ஓய்வு சொல்லியிருக்கிறார்” என்று முதலிலேயே ஒரே நாளைக் குறித்துச் சொல்லுங்கள். கடிதம் வாங்கும்போது வைத்தியரிடம் அதையும் கேட்டுவைத்தால் சொல்வது உண்மையாகவே இருக்கும். இதே காரணத்தால்தான் நடுவில் வீட்டுக்கு வந்து இளைப்பாறிவிட்டுப் போகலாம் என்ற யோசனையும் சரிவராது. கல்லடிப் பாலத்தைக் கண்டதும் காணி வேலை, கோயில் கணக்கு, பேரப்பிள்ளையின் காய்ச்சல் எல்லாம் காத்திருக்கும். பிறகு புறப்படவே மனம் வராது.

உடம்பு எப்படிச் சொல்லும்

விழித்ததும் எழும்பும் முன் ஒரு நிமிடம் நாடித்துடிப்பை எண்ணுங்கள். வீட்டில் இருக்கும்போதே ஒரு வாரம் எண்ணி உங்கள் வழக்கமான எண்ணைக் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். தொடர்ந்து இரண்டு மூன்று காலை அது பத்துக்கு மேல் கூடியிருந்தால் அன்றைய திட்டத்தை விட்டுவிடுங்கள். அட்டெனலோல், பிசோபுரோலோல் போன்ற மருந்து எடுப்பவர்களுக்கு இந்த அடையாளம் பொருந்தாது. அந்த மருந்துகள் துடிப்பைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கும். அவர்கள் கணுக்காலைப் பார்க்க வேண்டும். மாலையில் வீங்கிய கால் காலையில் வற்றிவிட்டால் நீண்ட நேரம் உட்கார்ந்ததன் விளைவு என்று பெரும்பாலும் கொள்ளலாம். காலையிலும் வற்றவில்லை என்றால் ஓட்டத்தை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலில் வலியும் சூடும் இருந்தால், அல்லது மூச்சு வாங்கினால், அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள், இரத்தம் கட்டியிருக்கக்கூடும்.

இன்னோர் அடையாளம் இருவருக்கும் நடுவில் தெரியும். சாவியை எங்கே வைத்தாய், குடையை ஏன் விட்டாய் என்று ஒரே நாளில் இரண்டு மூன்று தடவை வாக்குவாதம் வந்தால் அது பெரும்பாலும் களைப்பு. அந்த ஊரின் மிச்சத்தை விட்டுவிட்டு ஓய்வு ஊருக்கு ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேருங்கள்.

வீட்டைப் பூட்டும்போது

ஜனவரியில் வெள்ளம் வரக்கூடிய வீடு என்றால் பத்திரங்களையும் மின்சாதனங்களையும் உயரத்தில் வைத்து, பிரதான மின் ஆளியை நிறுத்துங்கள். தண்ணீர் தேங்கும் சிரட்டை, சட்டி, பூச்சாடிகளைக் கவிழ்த்துவிடுங்கள். மழை விட்டதும் டெங்கு நுளம்பு அங்கேதான் பெருகும். சாவி ஒன்று அயலவரிடம், தகவல் கிராம உத்தியோகத்தரிடம். ஆளுக்கு ஒரு பை மட்டும். அதை நீங்களே பஸ் தட்டில் தூக்கி வைக்க முடிய வேண்டும்.

பணத்தை இரண்டு கணக்காகப் பிரியுங்கள். மாதாமாதம் வரும் ஓய்வூதியம் அன்றாடச் செலவுக்கு. ஒரு மாத ஓய்வூதியத்துக்குச் சமமான தொகை தனியாக, எங்கிருந்தாலும் ஒரு காரை வாடகைக்கு எடுத்து நேரே மட்டக்களப்புக்குத் திரும்புவதற்கும் ஓரிரு நாள் தனியார் வைத்தியசாலைக்கும். அந்தப் பணத்தைத் தொடாமல் திரும்பி வந்தால் அது சித்திரைக் கைவிசேடத்துக்கு உதவும். திரும்பும் நாளை வருடப்பிறப்புக்கு ஒரு வாரம் முன்னதாகவே வையுங்கள்: கிளினிக் திகதி ஒன்றைப் பிடிக்க வேண்டும், வீட்டைக் கழுவ வேண்டும், அதற்கு முன் இரண்டு நாள் தூங்கவும் வேண்டும்.